எட்டரைக் கிலோ குழந்தைக்கு எந்த சைஸ்? ஒரு டயப்பர், வைப்ஸ் லிஸ்டிங்கைத் திருத்தி எழுதிய ஆய்வு

ஆன்லைனில் விற்கும் ஒரு சிறு வியாபாரியின் லிஸ்டிங் இங்கே ஆய்வுப் பொருள். விற்பது இரண்டு சரக்கு: 38 எண்ணிக்கை கொண்ட பேண்ட் டைப் டயப்பர், எம் சைஸ், இரண்டு பேக், 72 ஷீட் கொண்ட பேபி வைப்ஸ், மூன்று பேக். இந்தியக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் டயப்பர்களின் அளவுகளையும் பேக்கில் அச்சிடும் முறையையும் ஒட்டி அமைத்த மாதிரி இது. விலையும் கணக்குக் காட்டுவதற்காக வைத்ததுதான். தவறுகள் மட்டும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் கண்ணில் படுபவை.

முதலில் இருந்த தலைப்பு இப்படி:

"சூப்பர் சாஃப்ட் பேபி டயப்பர் பேண்ட்ஸ், எம் சைஸ், 6–12 மாதக் குழந்தைக்கு, 76 பீஸ் பேக் ஆஃப் 2, வைப்ஸ் 72 பேக் ஆஃப் 3 காம்போ, 292 பீஸ், 12 மணி நேரப் பாதுகாப்பு, கெமிக்கல் ஃப்ரீ, ராஷ் வராது."

இப்படி ஒரு தலைப்பை வைத்தால் திரும்பி வரும் ஆர்டர்களுக்கான காரணங்கள் நான்கு வகைக்குள் அடங்கிவிடும்: சைஸ் சரியில்லை, கசிகிறது, எண்ணிக்கை குறைவு, தோல் சிவந்துவிட்டது. நான்கில் மூன்றுக்கு டயப்பரைக் குறை சொல்ல முடியாது. வாங்கியவர் படித்த வரிதான் அவரை வேறு எதையோ எதிர்பார்க்க வைத்தது. பிரித்த பேக்கை மறுபடி விற்கவும் முடியாது என்பதால், லிஸ்டிங்கில் உள்ள ஒரு எண் தவறினால் அந்தச் சரக்கு முழுவதும் நஷ்டம்.

மாதக் கணக்கை எடுத்துவிட்டு கிலோவை வைப்பது

"6–12 மாதம்" என்பதில்தான் முதல் சிக்கல். டயப்பர் குழந்தையின் இடுப்பிலும் தொடையிலும் உட்காருகிறது. அந்தச் சுற்றளவோடு நெருங்கிப் போவது எடைதான், வயது அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். ஒரு வயதுப் பெண் குழந்தையின் நடு எடை 8.9 கிலோ. ஆனால் இயல்பான வளர்ச்சி என்று கொள்ளும் எல்லை 7 கிலோவில் தொடங்கி 11.5 கிலோ வரை போகிறது. ஆண் குழந்தைக்கு நடு எடை 9.6 கிலோ, எல்லை 7.7 முதல் 12 வரை. அதாவது ஒரே நாளில் முதல் பிறந்தநாள் கொண்டாடும் இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்கு எம் சைஸ் தளர்வாக நிற்கும், மற்றொன்றுக்கு அதே எம் தொடையைப் பிடிக்கும். இருவருமே ஆரோக்கியமான குழந்தைகள்.

ஆகவே மாதக் கணக்கு தலைப்பிலிருந்து மட்டுமல்ல, படங்களிலிருந்தும் போக வேண்டும். தலைப்பைத் திருத்திவிட்டு, நான்காவது படத்தில் உள்ள பழைய சைஸ் அட்டவணையில் "6–12 மாதம்" என்பதை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. வாங்குபவர்கள் எழுத்தைவிடப் படத்தை நம்புவார்கள்.

இந்தியாவில் பேண்ட் டைப் டயப்பர்களில் பரவலாகப் பார்க்கும் எடை வரம்புகள் இவை: எஸ் 4–8 கிலோ, எம் 7–12, எல் 9–14, எக்ஸ்எல் 12–17, டபுள் எக்ஸ்எல் 15–25. பிறந்த குழந்தைக்கானவை பெரும்பாலும் "5 கிலோ வரை" என்று வரும். பிராண்டுக்குப் பிராண்ட் ஒரு கிலோ முன்பின் இருக்கும். அதனால் பொது அட்டவணை எதையும் எடுத்து ஒட்டாமல், கையில் உள்ள பேக்கில் அச்சாகியிருப்பதை அப்படியே எழுத வேண்டும். இறக்குமதி டயப்பர்களில் இன்னும் கவனம் தேவை. அவற்றில் எழுத்துக்குப் பதில் எண் இருக்கும். அந்த எண் நாட்டுக்கு நாடு ஒத்துப்போகாது. அமெரிக்கப் பேக்குகளில் சைஸ் 4 சுமார் 22 முதல் 37 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 10 முதல் 17 கிலோ. ஐரோப்பியப் பேக்குகளில் அதே சைஸ் 4 பெரும்பாலும் 9–14 கிலோ. "சைஸ் 4" என்று மட்டும் எழுதினால் வாங்குபவருக்கு எதுவும் தெரியாது. பவுண்டை 0.4536 ஆல் பெருக்கி, வரும் கிலோவைத் தலைப்பிலேயே போட வேண்டும். பேக்கில் உள்ள பவுண்டு வரம்பை விவரத்தில் தரலாம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். எம் 7–12, எல் 9–14 என்றால் 9 முதல் 12 கிலோ வரை உள்ள குழந்தைக்கு இரண்டுமே பொருந்தும் என்று அட்டவணை சொல்கிறது. கேள்வி கேட்பவர்களும் சைஸ் மாற்றக் கேட்பவர்களும் அதிகம் வருவது இந்த எடைப் பகுதியிலிருந்துதான். இங்கே அட்டவணை உதவாது, எழுதுபவர் உதவ வேண்டும். சைஸ் மாற்ற வேண்டிய நேரத்தை அறிய வீட்டிலேயே பார்க்கக்கூடிய அடையாளங்கள் உண்டு. டயப்பரைக் கழற்றியதும் தொடையிலும் இடுப்பிலும் சிவந்த கோடு பதிந்து, சிறிது நேரத்தில் மறையாமல் நின்றால் சைஸ் சிறியது. முன்பட்டை தொப்புளுக்குக் கீழே இறங்கி நின்றாலும், போடும்போது பக்கவாட்டுத் தையல் கிழிந்தாலும், இரவில் மட்டும் கசிந்தாலும் அடுத்த சைஸுக்குப் போகலாம். மாறாக, தொடையைச் சுற்றி விரல் எளிதாக நுழையும் அளவு இடைவெளி இருந்தால், அல்லது குழந்தை தவழும்போது பின்பக்கம் சரிந்தால், சைஸ் பெரியது.

கசிவுப் புகாரைப் பிரித்துப் படிக்கவும் இதே அடையாளங்கள் போதும். "கசிகிறது" என்று வரும் புகார்களில் நிறைய, உறிஞ்சும் திறன் குறைவதால் வருவதல்ல. சைஸ் பெரிதாக இருந்தால் தொடையோரம் கசியும், அப்போது டயப்பரின் நடுப்பகுதி பாதி காய்ந்தே இருக்கும். சைஸ் சிறிதாக இருந்தால் நடுப்பகுதி முழுக்க ஊறி, இடுப்புப் பக்கம் வழியும். மூன்றாவது காரணம், தொடையோரம் உள்ள மெல்லிய மடிப்புப் பட்டை உள்பக்கம் மடங்கிக் கிடப்பது. போட்ட பிறகு அதை விரலால் வெளியே எடுத்துவிட வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைப் பயன்படுத்தும் முறையில் சேர்த்தால், நல்ல டயப்பருக்கு வீணாக வரும் ஒற்றை நட்சத்திரங்கள் குறையும்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு எழுதும்போது இன்னும் இரண்டைச் சேர்ப்பது நல்லது. ஒன்று, அரைஞாண் கயிறு. கயிறு டயப்பரின் எலாஸ்டிக்குக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில் பட்டை தோலோடு ஒட்டாது, ஈரம் கயிற்றில் ஏறி வெளியே வரும், கயிறும் நனைந்து தோலை உரசிக்கொண்டே இருக்கும். கயிற்றைப் பட்டைக்கு மேலே எடுத்து விடுங்கள் என்று சொல்லிவிடலாம். இரண்டாவது, எண்ணெய். குளிப்பாட்டும் முன் தேங்காய் எண்ணெய் தடவுகிற வீடுகளில், கையிலும் இடுப்பிலும் எண்ணெய் இருந்தால் டேப் டைப் டயப்பரின் ஒட்டுப்பட்டை பிடிக்காது. "டேப் ஒட்டவில்லை" என்று புகார் வரும். நம் மாதிரியில் இருப்பது பேண்ட் டைப் என்பதால் ஒட்டுப்பட்டைச் சிக்கல் இல்லை. ஆனால் அடிப்பகுதியில் கெட்டியாகப் பூசிய எண்ணெயோ களிம்போ டயப்பரின் மேல் துணியில் படிந்து ஈரம் உள்ளே இறங்குவதைத் தடுக்கும் என்பது எல்லா வகைக்கும் பொருந்தும்.

பிறந்த குழந்தை சைஸில் மட்டும் ஒரு எச்சரிக்கை. "5 கிலோ வரை" என்பதில் கீழ் எல்லை இல்லை. இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தையின் தொடை மெலிந்திருக்கும், அதே டயப்பர் இடைவெளி விட்டு நிற்கும். பேக்கில் கீழ் எல்லை அச்சாகவில்லையென்றால் நாமாக ஒன்றைக் கற்பித்து எழுதக்கூடாது. "எடை குறைந்து பிறந்த குழந்தைக்குத் தளர்வாக இருக்கலாம்" என்று எழுதுவது சரி.

இதையெல்லாம் வைத்து, எட்டரைக் கிலோ குழந்தையின் அம்மா கேட்கும் கேள்விக்கு லிஸ்டிங்கில் இருக்க வேண்டிய பதில்: "எம் போதும். 11 கிலோவைத் தாண்டியதும், அல்லது தொடையில் கோடு விழத் தொடங்கியதும் எல் சைஸுக்கு மாறுங்கள்." அச்சான வரம்பு 7–12 என்பதை மாற்றவில்லை, அந்த வரம்புக்குள் எங்கே மாறலாம் என்று சொல்கிறோம். அந்த "11" எல்லாப் பிராண்டுக்கும் பொதுவானதல்ல. இந்த லிஸ்டிங்கில் அது எங்கிருந்து வரும் என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

76 என்பது எத்தனை?

"76 பீஸ் பேக் ஆஃப் 2" என்றால் மொத்தம் 76-ஆ, ஒரு பேக்குக்கு 76 வீதம் 152-ஆ? இரண்டு விதமாகவும் படிக்கலாம். வாங்குபவர் தனக்குச் சாதகமாகத்தான் படிப்பார், அதில் தவறும் இல்லை. பெட்டி வந்ததும் "பாதிதான் அனுப்பியிருக்கிறார்கள்" என்று புகார் வரும். வைப்ஸில் குழப்பம் எதிர்த்திசையிலும் நடக்கும்: "72, பேக் ஆஃப் 3" என்பதை 24 ஷீட் கொண்ட மூன்று சின்னப் பேக் என்று நினைத்து, விலை அதிகம் என்று வாங்காமல் போகிறவர்கள் உண்டு. அவர்கள் புகார் எழுத மாட்டார்கள், அதனால் அந்த இழப்பு வியாபாரிக்குத் தெரியவே தெரியாது.

தீர்வு, மொத்தத்தை முதலில் சொல்லி அது வந்த கணக்கை உடனே தருவது: "மொத்தம் 76 டயப்பர் (38 × 2 பேக்)", "மொத்தம் 216 ஷீட் (72 × 3 பேக்)". இந்த வரிசை மாறாமல் தலைப்பு, முதல் படம், விவரம் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். காம்போவில் "292 பீஸ்" என்று கூட்டி எழுதியது மிக மோசமான வரி. டயப்பரையும் ஈரத் துடைப்பானையும் கூட்டினால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. தேடல் முடிவில் 292 என்பதைப் பார்த்து வருபவர் ஏமாந்ததாகவே உணர்வார்.

தலைப்பில் சரியாக எழுதினாலும், தளத்தின் உள்ளே நிரப்பும் கட்டங்களில் எண் மாறிப்போவது உண்டு. பேக்குகளின் எண்ணிக்கைக்கான கட்டத்தில் 76 என்று போட்டுவிட்டால், ஒரு டயப்பரின் விலையைத் தளம் தானே கணக்கிட்டுக் காட்டும்போது அபத்தமான தொகை வரும். இதைத் தவிர்க்க, தளத்தில் ஏற்றும் முன் தன் கணினித் தாளில் ஒவ்வொரு சரக்குக்கும் இப்படி ஒரு பதிவு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்:

```
size: M
weight_min_kg: 7
weight_max_kg: 12
pieces_per_pack: 38
packs: 2
total_pieces: 76
mrp_per_pack: 499
unit_price: 13.13
```

மொத்தத்தைக் கையால் தட்டக்கூடாது. பேக்கில் உள்ளதையும் பேக் எண்ணிக்கையையும் பெருக்கும் சூத்திரமாகவே வைக்க வேண்டும். அப்போது ஒன்று மாறினால் மற்றதும் மாறும்.

கடைசி வரி சட்டம் தொட்ட இடம். இந்தியாவில் 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொதியப்பட்ட பொருள்கள்) விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், பொருளின் பொதுப்பெயர், நிகர எண்ணிக்கை, எம்.ஆர்.பி., நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை ஆன்லைன் பக்கத்திலும் தெரிய வேண்டும். இறக்குமதிச் சரக்கானால் எந்த நாட்டில் தயாரானது என்பதும் வேண்டும். 2021-இல் வந்த திருத்தம் ஓர் அலகின் விற்பனை விலையையும் அச்சிடச் சொல்கிறது. எண்ணிக்கையில் விற்கும் டயப்பருக்கு அது ஒன்றின் விலை. நம் மாதிரியில் ரூ. 499 ÷ 38 = ரூ. 13.13.

இந்த எண்ணை ஒளிக்காமல் காட்டுவது வியாபாரத்துக்கும் நல்லது. காரணம், சைஸ் கூடக்கூட ஒரே விலைப் பேக்கில் எண்ணிக்கை குறையும். எம் பேக்கில் 38 இருக்கும்போது அதே ரூ. 499 எல் பேக்கில் 32 இருந்தால், ஒன்றின் விலை ரூ. 15.59 ஆகிவிடும். எல்லா சைஸும் ஒரே பக்கத்தில் இருந்து, முதல் படத்தில் "38" என்று பெரிதாக இருந்தால், எல் சைஸைத் தேர்ந்தெடுத்தவர் கையில் 32 வந்ததும் ஆறு டயப்பரைத் திருடிவிட்டதாகவே எழுதுவார். ஒவ்வொரு சைஸுக்கும் தனிப் படம் தேவைப்படுவது இதனால்தான். சைஸ் மாறும்போது படமும் மாறுகிறதா என்று கைபேசியில் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட வேண்டும்.

எண்ணிக்கை மாறும் இன்னும் சில இடங்கள் உள்ளன. தயாரிப்பாளர் விலையைக் கூட்டாமல் 38-ஐ 36 ஆக்கிவிடலாம். கோடவுனில் பழைய பேக்கும் புதிய பேக்கும் கலந்து கிடக்கும், லிஸ்டிங்கில் 38 நிற்கும். "38 + 4 இலவசம்" என்று அச்சான பேக் வந்தால் "42 (4 கூடுதல் உட்பட)" என்று எழுதலாம், ஆனால் அந்தச் சரக்கு தீர்ந்த அன்றே வரியையும் மாற்ற வேண்டும். இரண்டு பேக்கைச் சேர்த்துத் தனிப் பொருளாக விற்கும்போது ஒற்றைப் பேக்கின் பார்கோடையே அதற்கும் கொடுத்தால், கோடவுனில் ஸ்கேன் செய்பவர் ஒன்றை மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார். எண்ணிக்கை மாறினால் பார்கோடு எண்ணும் வேறாக இருக்க வேண்டும் என்பதே அந்த எண்களை வழங்கும் அமைப்பின் விதியும்.

"ஒரு மாத பேக்" என்பதையும் எடுத்துவிட்டோம். எட்டரைக் கிலோ குழந்தைக்கு நாளுக்கு ஐந்து என்று வைத்தால் 76 டயப்பர் பதினைந்து நாள்தான் வரும். இரவுக்கு மட்டும் போடும் வீட்டில் அதே 76 இரண்டு மாதத்தைத் தாண்டும். எத்தனை நாளுக்கு வரும் என்பதை வாங்குபவரே கணக்கிடட்டும்.

தோல் பற்றி எதை எழுதலாம்

"ராஷ் வராது", "கெமிக்கல் ஃப்ரீ" இரண்டையும் முதல் வேலையாக நீக்க வேண்டும். டயப்பர் போடும் இடத்தில் தோல் சிவப்பதற்கு மிகப் பொதுவான காரணம் ஈரமும் உரசலும், சிறுநீரும் மலமும் ஒன்றுசேர்ந்து நிற்பதும். சிறுநீரிலிருந்து உண்டாகும் அம்மோனியா தோலின் அமிலத்தன்மையைக் குறைக்கிறது. அந்தச் சூழலில் மலத்தில் உள்ள நொதிகள் வீரியம் கொண்டு தோலை அரிக்கின்றன. உலகத்தின் மிகச் சிறந்த டயப்பரையும் மலத்தோடு மூன்று மணி நேரம் விட்டால் தோல் சிவக்கும். ஆகவே "ராஷ் வராது" என்பது எந்த டயப்பராலும் காப்பாற்ற முடியாத வாக்கு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரமாகவும் அது பார்க்கப்படலாம்.

"12 மணி நேரப் பாதுகாப்பு" இதோடு சேர்ந்து வரும் ஆபத்து. பேக்கில் "12 மணி நேரம் வரை உறிஞ்சும்" என்று இருந்திருக்கும். லிஸ்டிங்கில் "வரை" போய்விட்டது, "உறிஞ்சும்" என்பது "பாதுகாப்பு" ஆகிவிட்டது. படிப்பவர் 12 மணி நேரம் மாற்ற வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார். திருத்திய வரி: "உறிஞ்சும் திறன் 12 மணி நேரம் வரை என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலம் கழித்தால் உடனே மாற்றுங்கள்." விற்பனையைக் குறைக்கும் வரி என்று சிலர் இதைத் தயங்குவார்கள். குழந்தையின் தோலுக்கு இது ஒன்றுதான் உண்மையில் பயன்படும் வரி, அதனால் இது இருந்தே ஆக வேண்டும்.

"கெமிக்கல் ஃப்ரீ" வைப்ஸுக்கு முற்றிலும் பொய். ஈரத்துணியை மாதக்கணக்கில் பேக்கில் வைத்தால், கெடாமல் காக்கும் பொருள் இல்லையென்றால் கிருமி வளரும். எனவே எந்த வைப்ஸிலும் அப்படி ஏதோ ஒன்று இருக்கும், இருக்கவும் வேண்டும். கேள்வி அது எது என்பதுதான். நம் மாதிரி வைப்ஸின் பின்பக்கத்தில் அச்சாகியிருந்தது இது:

```
Aqua, Glycerin, Phenoxyethanol, Sodium Benzoate,
Aloe Barbadensis Leaf Juice, Citric Acid,
Sodium Citrate, Parfum
```

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "சென்சிட்டிவ்" என்று இருக்கிறது. பட்டியலின் கடைசிச் சொல் வாசனைப் பொருள். இது இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. தோலில் ஒவ்வாமை தரும் பொருள்களில் வாசனைப் பொருள் முன்வரிசையில் இருப்பது. "சென்சிட்டிவ்" என்று அச்சிட்டது தயாரிப்பாளர். அதை நாம் அழிக்க முடியாது. ஆனால் அதைத் தலைப்பில் தூக்கிப் பிடிக்காமல், "வாசனை சேர்த்தது" என்பதைத் தோல் குறிப்பின் முதல் வரியாக வைப்பது நம் கையில் இருக்கிறது. அந்த வரியைப் பார்த்து வாங்காமல் போகும் பெற்றோர், வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பொருள் பட்டியலில் கண் வைக்க வேண்டிய இன்னொரு பெயர் மெத்தில்ஐசோதயசோலினோன். கெடாமல் காக்கச் சேர்ப்பது. வைப்ஸ் பயன்படுத்திய குழந்தைகளுக்கும், துடைத்துவிட்ட பெரியவர்களின் கைகளுக்கும் இதனால் ஒவ்வாமை வந்தது பதிவாகி, அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் 2013-இல் இதையே அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. தோலில் தடவிக் கழுவாமல் விடும் பொருள்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் இதைத் தடை செய்தது. பழைய வகைச் சரக்கிலோ இறக்குமதிச் சரக்கிலோ இந்தப் பெயர் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் "இல்லை" என்று எழுதலாம், ஆனால் பேக்கில் முழுப் பட்டியல் அச்சாகியிருந்தால் மட்டுமே. முன்பக்கத்தில் உள்ள நாலு "ஃப்ரீ" முத்திரைகளைப் பார்த்து ஐந்தாவதை நாமே சேர்க்கக்கூடாது.

"ஆல்கஹால் ஃப்ரீ" என்ற முத்திரையில் வாங்குபவர்கள் அடிக்கடி குழம்புவார்கள். அது எரிச்சல் தரும் எத்தனாலைக் குறிக்கிறது. பட்டியலில் பென்சைல் ஆல்கஹால், சீட்டைல் ஆல்கஹால் போன்ற பெயர்கள் இருந்தால் "பொய் சொல்லிவிட்டார்கள்" என்று விமர்சனம் வரும். சீட்டைல் ஆல்கஹால் கொழுப்பு வகையைச் சேர்ந்த, மென்மை தரும் பொருள். பென்சைல் ஆல்கஹால் கெடாமல் காப்பது, சிலருக்கு அரிதாக ஒவ்வாமை தரக்கூடியது. கேள்வி பதில் பகுதியில் இதை ஒருமுறை விளக்கி வைத்தால் போதும். "டெர்மட்டாலஜிகலி டெஸ்டட்" என்பது சோதித்தார்கள் என்று மட்டுமே சொல்கிறது, யாரை எப்படிச் சோதித்தார்கள் என்று சொல்வதில்லை. "ஹைப்போஅலர்ஜெனிக்" ஒவ்வாமையே வராது என்று பொருள்படாது. பேக்கில் இருந்தால் "பேக்கில் குறிப்பிட்டுள்ளபடி" என்று சேர்த்து எழுதலாம், அதற்கு மேல் விரித்துரைக்க வேண்டாம். ஆலோவேரா பற்றியும் அப்படியே. தாவரச் சாறு என்பதாலேயே எல்லாத் தோலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்றில்லை.

டயப்பர் பக்கம் சொல்ல வேண்டியது குறைவு. மேல் துணியில் லோஷன் பூசியது என்றால் அதைக் குறிப்பிட வேண்டும். உள்ளே உள்ள ஜெல் மணிகள் சில நேரம் வெளியே வந்து தோலில் கண்ணாடித் துகள் போல ஒட்டும். இது நீரை உறிஞ்சும் பாலிமர், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். இதைச் சொல்லாவிட்டால் பயந்துபோய்ப் படமெடுத்துப் போடுவார்கள். ஆனால் அடிக்கடி வெளியே வருகிறது என்றால் அது பேட்ச் கோளாறு. அந்தச் சரக்கை நிறுத்த வேண்டும். இடுப்புப் பட்டை படும் கோட்டிலோ வண்ண அச்சு படும் இடத்திலோ மட்டும் தோல் சிவந்தால் எலாஸ்டிக் அல்லது சாயம் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். பிட்டத்தின் மேட்டுப் பகுதியில் சிவந்து தொடை மடிப்பு நன்றாக இருந்தால் பெரும்பாலும் ஈர எரிச்சல். மடிப்புக்குள் அடர்ந்து சிவந்து சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், டயப்பரை மாற்றி அது தீராது. இந்த வேறுபாடு புகாருக்குப் பதில் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். லிஸ்டிங்கில் நோயைக் கணிக்கும் வேலை வேண்டாம். "இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலோ, கொப்புளம், சீழ், காய்ச்சல் இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்" என்பது போதும்.

திருத்திய லிஸ்டிங்

முதல் திருத்தம், காம்போவைப் பிரித்தது. டயப்பருக்கு ஒரு பக்கம், வைப்ஸுக்கு ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்திருந்தபோது வைப்ஸின் வாசனை பற்றிய புகார் டயப்பரின் மதிப்பீட்டையும் இழுத்துக்கொண்டு போனது.

டயப்பரின் தலைப்பு: "(பிராண்ட்) பேபி டயப்பர், பேண்ட் டைப், எம் சைஸ், 7–12 கிலோ, மொத்தம் 76 (38 × 2 பேக்)". இதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. கைபேசித் திரையில் தலைப்பின் பின்பாதி வெட்டுப்படும் என்பதால் கிலோவும் எண்ணிக்கையும் முன்னால் நிற்க வேண்டும். நம் ஊரில் எந்த டயப்பரையும் "பேம்பர்ஸ்" என்றுதான் கேட்பார்கள், தேடுவார்கள். அதற்காக வேறு பிராண்டின் டயப்பருக்கு அந்தப் பெயரைத் தலைப்பில் போடக்கூடாது. அது இன்னொருவரின் வணிகக்குறி, பக்கமே முடக்கப்படும்.

விவரத்தின் முதல் வரிகள்: "குழந்தையின் எடை 7 முதல் 12 கிலோ வரை. வயதை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 11 கிலோவைத் தாண்டினால், அல்லது தொடையில் கோடு பதிந்து மறையாமல் நின்றால் எல் சைஸ் (9–14 கிலோ) எடுங்கள். ஒரு பேக்கில் 38 டயப்பர், மொத்தம் இரண்டு பேக். ஒன்றின் விலை எம்.ஆர்.பி. கணக்கில் ரூ. 13.13. மேல் துணியில் ஆலோவேரா லோஷன் உண்டு. வாசனை பற்றிப் பேக்கில் குறிப்பு இல்லை." கடைசி வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். தெரியாததை "வாசனை இல்லாதது" என்று மாற்றி எழுதவில்லை.

வைப்ஸின் தலைப்பு: "(பிராண்ட்) பேபி வைப்ஸ், மூடி உள்ளது, மொத்தம் 216 ஷீட் (72 × 3 பேக்), வாசனை சேர்த்தது". விவரத்தில் ஒரு ஷீட்டின் நீள அகலம், பொருள் பட்டியல் முழுவதும், பின்பக்கத்தின் தெளிவான படம். "முதல்முறை பயன்படுத்தும்போது தொடையில் சிறு இடத்தில் துடைத்து ஒரு நாள் பாருங்கள். சிவந்து இருக்கும்போது வைப்ஸுக்குப் பதில் வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும். மூடியை இறுக்கி மூடாவிட்டால் ஷீட் காய்ந்துவிடும். கழிப்பறையில் போட வேண்டாம்."

ஏற்றிய பிறகு பார்க்க வேண்டியவை

மேலே சொன்ன "11 கிலோ" இங்கிருந்துதான் வருகிறது. கசிவு, இறுக்கம் என்று புகார் செய்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது குழந்தையின் எடை. பதில்களை எடையோடு குறித்துக்கொண்டே வந்தால் ஒரு வடிவம் தெரியும். புகார்கள் 11, 12 கிலோவில் குவிந்தால் இந்தப் பிராண்டின் எம் அச்சிட்ட வரம்பின் மேல் முனையில் இறுக்கமாக இருக்கிறது. 7 கிலோவில் குவிந்தால் தளர்வு. எடையோடு தொடர்பே இல்லாமல் சிதறியிருந்தால் கோளாறு சைஸில் இல்லை, சரக்கில் பார்க்க வேண்டும். வேறு பிராண்டுக்கு இதே எண்ணைத் தூக்கி ஒட்டினால் பயனில்லை.

எண்ணிக்கைப் புகாருக்கு, புதிய சரக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பேக்கைப் பிரித்து எண்ணிப் பார்ப்பதும், அச்சிட்ட எண்ணை லிஸ்டிங்கோடு ஒப்பிடுவதும் போதும். தோல் புகாருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை: ஒவ்வொரு பேட்சின் பின்பக்கத்தையும் பேட்ச் எண் தெரியும்படி படமெடுத்து வைக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் அறிவிப்பு எதுவும் இல்லாமல் பொருள் பட்டியலை மாற்றுவார்கள். "இரண்டு மாதமாக இதைத்தான் வாங்குகிறேன், இந்த முறை மட்டும் சிவந்துவிட்டது" என்று ஒருவர் எழுதினால், அவரிடம் பேட்ச் எண்ணைக் கேட்டு இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பட்டியலில் ஒரு பெயர் மாறியிருந்தால் அன்றே லிஸ்டிங்கின் படமும் பொருள் பட்டியலும் மாற வேண்டும். அவருடைய பேக்கையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் சொன்னதற்கு மாறாக வந்த பொருளை விற்பவர் ஏற்க மறுக்கக்கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது.